10 பிட் ஏடிசியில் 12 பிட் எடுப்பது எப்படி? குளத்து நீர்மட்டம் ஓர் உதாரணம்

அம்பாசமுத்திரம் பக்கத்துக் குளம் ஒன்றின் நீர்மட்டத்தை ஆர்டுயினோ ஊனோவால் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் இறக்கும் அழுத்த சென்சார், 0 முதல் 5 மீட்டர் ஆழத்துக்கு 0.5 முதல் 4.5 வோல்ட் தருகிறது; அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 0.8 மில்லிவோல்ட். ஊனோவின் 10 பிட் ஏடிசியில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது 6 மி.மீ. மடையைத் திறந்தால் பெரிய குளத்தில் மட்டம் மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பார்க்க இந்தப் படி பெரிது.

கூடுதலாக n பிட் வேண்டுமென்றால் 4^n முறை படித்துக் கூட்ட வேண்டும். 2 பிட்டுக்கு 16 முறை:

```
unsigned int s = 0;
for (int i = 0; i < 16; i++) s += analogRead(A0);
unsigned int v = s >> 2;
```

கடைசி வரியைக் கவனியுங்கள். பலர் இங்கே 16-ஆல் வகுத்துவிடுகிறார்கள். முழு எண்ணில் அப்படி வகுத்தால் மறுபடி 10 பிட்தான். 4-ஆல் மட்டுமே வகுக்க வேண்டும்.

உதாரணமாக 10 முறை 612, 6 முறை 613 வந்தால் கூட்டுத்தொகை 9798, v = 2449. அது 2989 மில்லிவோல்ட், சுமார் 3.11 மீட்டர். இப்போது ஒரு படி 1.5 மி.மீ.

இது வேலை செய்வதே இரைச்சலால்தான். உண்மை மதிப்பு 613-க்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு அதிகமுறை 613 வரும். இரைச்சலே இல்லையென்றால் 16 முறையும் 612 வரும். கூட்டி ஒரு பயனும் இல்லை. அதனால் முதலில் மூல எண்களை சீரியல் மானிட்டரில் பாருங்கள். ஓரிரு படி ஆடினால் சரி.

ஆடவே இல்லையா? நாமே கொஞ்சம் ஆட்ட வேண்டும். சென்சாருக்கும் A0-வுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், A0-விலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட், 9-ஆம் பின்னிலிருந்து A0-வுக்கு 470 கிலோ ஓம். அப்புறம் `analogWrite(9, 128)`. A0-வில் ஏறக்குறைய ஒரு படி உயரத்துக்குச் சிற்றலை வரும். அதன் பல சுற்றுகள் சேர்வதற்காக 64 முறை படித்து `s >> 4` செய்யுங்கள்.

சென்சாரின் பிழையையும் 5 வோல்ட் சப்ளையின் பிழையையும் இந்த முறை திருத்தாது. எல்லாம் மாட்டிய பிறகு, குளத்தில் அளவுகோல் நட்டு ஒப்பிட்டுத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றில் எழும் அலை வேறு விஷயம். 16 முறை படிக்க 2 மில்லிசெகண்டுகூட ஆகாது. அதற்குள் அலை அசைந்திருக்காது. சென்சாரை அடியில் துளையிட்ட பிவிசி குழாய்க்குள் இறக்கி, நொடிக்கு ஒரு v எடுத்து, ஒரு நிமிடத்துக்குச் சராசரி பாருங்கள்.