பருவச் சுழற்சிக் கவிதையை வாசிப்பது எப்படி? ஒரு வாளியும் ஆறு பருவங்களும்

கேரள, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சில மாணவர்களோடு உட்கார்ந்து கவிதை வாசிக்கிறேன். பருவங்கள் வரிசையாக வந்து, தொடங்கிய காட்சியிலேயே முடியும் கவிதைகள் அவர்களைத் திணறடிக்கின்றன. அதற்காகவே இந்தச் சிறு கவிதையைப் பயிற்சிக்கென்று எழுதினேன். முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் தேட வேண்டாம்.

பாட்டி கவிழ்த்த வாளியின் முதுகில்
கார்மழை தட்டுகிறது.
கூதிரில் கயிறு மூன்று முழம்.
முன்பனியில் ஏழு முழம்.
பின்பனியில் பாட்டியின் இருமல்,
பன்னிரண்டு முழம்.
இளவேனிலில் அம்மா
இன்னொரு கயிற்றை முடிந்தாள்.
முதுவேனில் காற்று.
கிணற்றடியில் யாருமில்லை.
கவிழ்ந்த வாளியின் முதுகில்
கார்மழை தட்டுகிறது.

அடுத்து, ஒவ்வொரு பருவத்துக்கு எதிரிலும் மாதங்களை எழுதுங்கள். கார் ஆவணி, புரட்டாசி; கூதிர் ஐப்பசி, கார்த்திகை; முன்பனி மார்கழி, தை; பின்பனி மாசி, பங்குனி; இளவேனில் சித்திரை, வைகாசி; முதுவேனில் ஆனி, ஆடி. சித்திரையில் தொடங்காமல் ஏன் காரில் தொடங்குகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். தொல்காப்பியம் பருவங்களைச் சொல்லும்போது காரைத்தான் முதலில் வைக்கிறது. நம் பக்கத்து வீட்டு மலையாளிக்கும் ஆவணிதான் சிங்ஙம், கொல்லம் ஆண்டின் முதல் மாதம். ஆகவே இந்த வட்டத்தில் ஆண்டு இடையில் எங்கும் அறுபடவில்லை.

இங்கே எல்லைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆடி முதுவேனில் என்கிறது பாடம். மேற்கே பாலக்காட்டுப் பக்கம் அதே மாதம் கர்க்கடகம், விடாத மழை. “டீச்சர், ஆடியில் எங்கள் மாமா வீட்டில் துணி காயவே காயாது, அது எப்படி வேனில்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பருவப் பெயரை மட்டும் நம்பாமல், கவிதை எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கவிதையில் முதுவேனிலுக்கு மழை இல்லை, காற்று மட்டும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகுந்து வரும் ஆடிக்காற்று அது. மழையின் பெரும்பகுதி மேற்கிலேயே கொட்டிவிட, கிழக்கே வருகிற காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அப்படியானால் இந்தக் கிணறு கிழக்குப் பக்கத்துக் கிணறு.

இப்போது பருவந்தோறும் மாறிக்கொண்டே போகிற ஒரே பொருளைக் கண்டுபிடியுங்கள். இங்கே அது கயிறு. மூன்று முழம், ஏழு, பன்னிரண்டு, பிறகு கூடுதல் கயிறு. தண்ணீர் கீழே போகிறது என்ற சொல் கவிதையில் இல்லை. கயிறு நீள்வதை வைத்து நாமே அறிகிறோம். கயிற்றைப் பிடித்த கையையும் கவனியுங்கள். பின்பனியில் பாட்டியின் இருமல் கேட்கிறது. அதற்கடுத்து அம்மாவின் கை வந்துவிடுகிறது. கவிதை திரும்புகிற இடம் இதுதான். பலர் கடைசி வரியில் தேடுவார்கள், ஆனால் மாற்றம் நடுவிலேயே நடந்துவிட்டது.

அதன்பின் நடு வரிகளைக் கையால் மூடிவிட்டு, முதல் இரண்டு வரிகளையும் கடைசி இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். “பல்லவி மாதிரி அதே வரி திரும்ப வருகிறது, அவ்வளவுதானே டீச்சர்?” என்று ஒருவன் சொன்னான். பல்லவி மாறாமல் வரும். அந்தாதி நூல்கள் மண்டலித்து முடியும்போது முதற்சொல் முடிவில் திரும்ப வரும். இந்த வகைக் கவிதையில் திரும்புவது காட்சி. அது திரும்பும்போது ஏதோ ஒன்று குறைந்தோ கூடியோ வரும். என்ன குறைந்தது என்று அவனையே தேடச் சொன்னேன். “பாட்டி” என்றான் உடனே. சரிதான், ஆனால் இன்னொன்றும் மாறியிருக்கிறது. முதல் வரியில் ‘கவிழ்த்த’, பிறவினை: மழைநீர் தேங்காமலிருக்க ஒருவர் கவிழ்த்து வைத்தார். கடைசியில் ‘கவிழ்ந்த’, தன்வினை: யாரும் தொடவில்லை, வாளி தானாகக் கிடக்கிறது. கவிழ்த்தது யார் என்று மேலே போய்ப் பாருங்கள். கிணற்றடியில் யாருமில்லை, காற்று இருந்தது.

பாட்டி இறந்துவிட்டார் என்று இங்கே எழுதிவிடாதீர்கள். அப்படி எந்த வரியும் சொல்லவில்லை. அவர் உள்ளே படுத்திருக்கலாம். இருமினார், பிறகு அம்மா கயிறு முடிந்தாள், பிறகு கிணற்றடியில் யாருமில்லை என்பது வரை மட்டுமே நமக்குச் சான்று இருக்கிறது.

கடைசியாக, இறுதி இரண்டு வரிகளில் ‘கவிழ்ந்த’ என்பதில் ‘ந்’ஐ எடுத்துவிட்டு ‘த்’ போட்டு, முழுக் கவிதையையும் மீண்டும் வாய்விட்டுப் படியுங்கள். யாரோ ஒருவர் கிணற்றடிக்குத் திரும்பி வந்து, மழைக்கு முன் வாளியைக் கவிழ்த்து வைத்திருப்பார். அது பாட்டியா, அம்மாவா என்பதை உங்கள் ஏட்டில் இரண்டு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.