100 கிலோ மல்லாட்டையைச் செக்கில் ஆட்டினால் கையில் என்ன நிற்கும்?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். பறித்துக் காய வைத்து, வருகிற வியாபாரியிடம் மூட்டையாகப் போட்டுவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எண்ணெயாக்கி விற்கலாம் என்று நினைக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். செக்கு வாங்காதீர்கள். முதல் வருடம் 100 கிலோ காயை மட்டும் எடுத்து, பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டிப் பாருங்கள்.

படி 1: காயவைத்தல்

பறித்த காயைக் குவித்து வைக்கக்கூடாது. களத்தில் மெல்லிசாகப் பரப்பி, இரவில் பனி படாமல் மூடுங்கள். காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஆட வேண்டும். உரித்த பருப்பை விரலால் தேய்த்தால் மேல்தோல் கழன்று வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. முதல் தடவை நான் அவசரப்பட்டேன். எண்ணெய் ஒரே மாதத்தில் காறல் வாடை அடித்து, ஏழெட்டு பாட்டில் திரும்பி வந்தது.

படி 2: உடைத்துப் பொறுக்குதல்

100 கிலோ காயை உடைத்தால் சுமார் 68 கிலோ பருப்பு வரும். இதை முறத்தில் போட்டுப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையாகவோ மஞ்சளாகவோ பூசணம் படிந்தது எல்லாம் வெளியே போகட்டும். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. சலிப்பான வேலைதான், ஆனால் தப்பிக்க வழியில்லை. அந்தப் பூசணம் உண்டாக்குகிற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, துணியில் வடிகட்டினால் போகாது. பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், அதைத் தின்கிற மாட்டின் பாலிலும் வரும். அதனால் கழித்த பருப்பை மாட்டுக்கும் போடாதீர்கள். கழித்தது போக 65 கிலோ மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: ஆட்டுதல்

65 கிலோவில் ஏறக்குறைய 26 கிலோ எண்ணெய் இறங்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் லிட்டர் கணக்கில் அது 28 வரும். ஆட்டும்போது கூடவே நில்லுங்கள். பருப்பு பிடிப்பதற்காகச் செக்குக்காரர் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். கை தாராளமானால் எண்ணெயில் ஈரம் தங்கிவிடும்.

படி 4: தெளியவைத்தல்

வாயகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய வெள்ளைத் துணியால் வேடு கட்டி, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். பிறகு அசைக்காமல் வைத்தால் மண்டி அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்தால் 27 லிட்டர் தேறும். ஒரு கரண்டி எண்ணெயை அடுப்பில் காட்டிப் பாருங்கள். சடசடவெனத் தெறித்தால் ஈரம் போகவில்லை, இன்னொரு நாள் வெயில் வேண்டும். பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

படி 5: கணக்கு

விலைகள் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். காய் கிலோ 70 ரூபாய் என்றால், அப்படியே விற்றால் 7000. எண்ணெய் லிட்டர் 280 வீதம் 27 லிட்டருக்கு 7560. புண்ணாக்கு 36 கிலோ, கிலோ 40 வீதம் 1440. ஆக மொத்தம் 9000. உடைப்புக்கு 250, ஆட்டுக்கூலி 650, பாட்டிலும் லேபிளும் 405, சேர்த்து 1305 செலவு. நிற்பது 7695. வீட்டு ஆள் கூலியைச் சேர்க்காமலே, கூடுதலாகக் கிடைத்தது 695 ரூபாய்தான்.

இதில் புண்ணாக்கைக் கவனியுங்கள். “கூலியே வேணாம்ண்ணே, புண்ணாக்க வுட்டுட்டுப் போங்க” என்று சில செக்குகளில் சொல்வார்கள். சரியென்று தலையாட்டினால் கையில் நிற்பது 6905, காயாக விற்றதைவிடக் குறைவு! வீட்டில் ஆடு மாடு இருந்தால் புண்ணாக்கு அங்கேயே செலவாகும், கடையில் வாங்குகிற தீவனமும் மிச்சம். எண்ணெயை 320க்கு வாங்க நாலு வாடிக்கை வீடு பிடித்தால் இன்னும் 1080 சேரும். வியாபாரி விலையைக் கீழே இறக்குகிற அறுவடை மாதத்தில்தான் இந்த வேலை நன்றாகக் கட்டுப்படியாகும். காய் விலை 80ஐத் தாண்டிவிட்டால், நான் யோசிக்காமல் காயாகவே போட்டுவிடுவேன்.

விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கான பதிவே போதும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சமையல் எண்ணெயை லேபிள் இல்லாமல் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பது சட்டப்படி கூடாது. லேபிளில் ஆட்டிய தேதியும் பதிவு எண்ணும் இருக்கட்டும்.

மொத்தக் காயையும் ஒரே மூச்சில் உடைத்துவிடாதீர்கள். ஓட்டோடு இருக்கும் மல்லாட்டை, உடைத்த பருப்பைவிட அதிக நாள் தாங்கும். வீட்டில் ஐந்து பாட்டில் மிச்சம் இருக்கும்போது அடுத்த மூட்டையை அவிழ்த்தால் சரியாக இருக்கும்.