வாடகை வீட்டு பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட்: சுவரில் துளை போடாமல் மாட்டலாம்

டொரொன்டோ, ஸ்கார்பரோ பக்கம் வாடகைக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொள்ளலாமா என்பது. போடலாம். ஒரு திருகாணிகூட அடிக்காமல், வீட்டை விட்டுப் போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டே போகிற மாதிரி போடலாம். முப்பதிலிருந்து ஐம்பது டாலருக்குள் முடிந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தில் மாற்றங்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கு ஒரு வரி மெசேஜ் அனுப்பிவிடுங்கள். "துளை போடவில்லை, போகும்போது பழையபடி மாட்டித் தருகிறேன்" என்று எழுதினால் போதும், பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும்.

முதலில் இந்த ஊர் பாத்ரூமைப் புரிந்துகொள்ள வேண்டும். தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. டப்புக்கு வெளியே சிந்துகிற தண்ணீர் டைல் இடுக்கு வழியாக இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். நம் ஊரில் போல ஹெல்த் ஃபாசெட்டை எடுத்துத் தரையைக் கழுவும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டியதுதான். ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று தனி டெபாசிட் வாங்க சட்டம் இடம் கொடுப்பதில்லை. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். அதனால் சேதமானால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்காரர் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டுக்குப் போய் இழப்பீடு கேட்கலாம்.

ஊரிலிருந்து ஹெல்த் ஃபாசெட் செட் கொண்டு வருபவர்கள் உண்டு. அங்கே அது சுவரில் உள்ள ஆங்கிள் காக்கில் மாட்டும். இங்கே அப்படி ஒரு குழாயே இருக்காது. சுவரிலிருந்து ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து டாய்லெட் டேங்க்கின் அடிப்பக்கத்துக்கு ஒரு ஹோஸ், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அந்த ஹோஸுக்கும் டேங்க்குக்கும் நடுவில் உட்காரும் ஒரு டி-வால்வு. டேங்க் அடியில் உள்ள மரை பொதுவாக 7/8 அங்குலம். இங்கே கடையில் டாய்லெட்டுக்கென்று விற்கும் பிடே ஸ்ப்ரேயர் செட்டில் அந்த அளவு டி-வால்வும் சேர்ந்தே வரும்.

வேலையைத் தொடங்குமுன் டேங்க் அடியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். ஃப்ளஷ் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் டேங்க் காலியாகும். அடியில் தங்கும் கொஞ்சத் தண்ணீரை ஒரு ஸ்பாஞ்சால் எடுத்துவிட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு, டேங்க் அடியில் ஹோஸைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் நட், கையாலேயே வந்துவிடும். இந்த இடத்தில் ஒரு கையை டேங்க்குக்குள் விட்டு, உள்ளே நிற்கும் வால்வு சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அது சுழன்றால் அதன் அடி வாஷர் நகர்ந்து வேறொரு இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அப்புறம் டி-வால்வை டேங்க்கில் மாட்டி, பழைய ஹோஸை டி-வால்வின் அடியில் மாட்டி, பக்கவாட்டு வாயில் ஸ்ப்ரே ஹோஸை மாட்டினால் முடிந்தது. இந்த மூட்டுகளை அடைப்பது ரப்பர் வாஷர்தான், டெஃப்லான் டேப் அல்ல. கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் ஒரு துளி. ஸ்பேனரால் முழு பலத்தோடு இறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். சில பழைய கட்டடங்களில் ஹோஸுக்குப் பதில் வளையாத உலோகக் குழாய் இருக்கும். நடுவில் டி-வால்வு வந்தால் அதற்கு இடம் போதாது. அப்போது பத்துப் பதினைந்து டாலருக்குள் ஒரு பின்னல் ஹோஸ் வாங்குங்கள். பழைய குழாயைக் கொண்டுபோய்க் காட்டினால் கடையில் சரியான அளவு தருவார்கள்.

சுவர் வால்வை மெல்லத் திறந்து, ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத கசிவு டிஷ்யூவில் தெரியும். அரை மணி கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை பாருங்கள். ஸ்ப்ரேயைத் தொங்கவிட, செட்டோடு வரும் கொக்கியை டேங்க் விளிம்பில் மாட்டினால் போதும். அதிலேயே சுவரில் அடிக்க ஒரு தகடும் திருகாணியும் இருக்கும், அவற்றை எடுக்கவே வேண்டாம்.

இதில் உண்மையான ஆபத்து பிறகுதான் இருக்கிறது. ஸ்ப்ரேயின் விசையை விட்டதும் தண்ணீர் நிற்கும், ஆனால் ஹோஸுக்குள் முழு அழுத்தமும் அப்படியே நிற்கும். மலிவான ஹோஸ் ஒருநாள், யாரும் வீட்டில் இல்லாதபோது, வெடித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு முறையும் டி-வால்வை மூடிவிட்டு, ஸ்ப்ரேயை ஒருமுறை அழுத்தி அழுத்தத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும், வருகிற விருந்தினருக்கும் சொல்லி வையுங்கள்.

என் நண்பர் ஒருவர் வீட்டில் வேறு மாதிரி ஆனது. பழைய அபார்ட்மென்ட், சுவர் வால்வை எத்தனையோ வருடமாக யாரும் தொட்டிருக்கவில்லை. மூடித் திறந்ததும் அதன் தண்டிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. "அண்ணா, இதை நானே இறுக்கிடவா?" என்று போனில் கேட்டார். வேண்டாம், கீழே ஒரு பாத்திரம் வைத்துவிட்டு, கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரைக் கூப்பிடு என்றேன். சூப்பர் வந்து தண்ணீரை நிறுத்தி வால்வையே மாற்றிவிட்டுப் போனார். காசு கேட்கவில்லை, தேய்ந்த வால்வைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்புதான். வால்வு திருகவே மறுத்தாலும் இதே வழிதான். பலம் போட்டு அது உடைந்தால் அந்த மாடித் தண்ணீரையே நிறுத்த வேண்டி வரும், அப்போது அது உங்கள் செலவாகிவிடும். வேலையை வார நாள் பகலில் வைத்துக்கொள்வது நல்லது.

கை ஷவர் இதைவிடச் சுலபம், வாளியில் தண்ணீர் பிடிக்கவும் உதவும். பழைய ஷவர் ஹெட்டைக் கழற்றும்போது, சுவரிலிருந்து வரும் வளைந்த குழாயை இன்னொரு கையால் அசையாமல் பிடிக்க வேண்டும். அது திரும்பினால் சுவருக்குள் இருக்கும் மூட்டு தளரும். ஸ்பேனர் வாயில் ஒரு துணி சுற்றினால் குரோம் கீறாது. இந்த மரையில் மட்டும் டெஃப்லான் டேப் மூன்று சுற்று, வலமாகச் சுற்ற வேண்டும்.

குழந்தை வழுக்காமல் இருக்க டப்பில் உறிஞ்சிப் பிடிக்கும் பாய் போடுவார்கள். டப் மேல் புதிதாக வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் அது வேண்டாம், பாயை எடுக்கும்போது அந்தப் பூச்சும் சேர்ந்து உரியும். விளிம்பில், வடிகால் வளையத்தருகில் பெயின்ட் விளிம்பு போல ஒரு கோடு தெரிந்தால் அது பூச்சு அடித்த டப். அதற்கு உறிஞ்சி இல்லாத பாய் வாங்கி, குளித்ததும் எடுத்துத் தொங்கவிடுங்கள். ஒட்டும் கொக்கிகளும் டைலில் மட்டும்தான். பெயின்ட் சுவரில் ஒட்டினால் எடுக்கும்போது பெயின்ட் பெயரும்.

கழற்றிய ஷவர் ஹெட், உலோகக் குழாய், நட்டுகள் எல்லாம் ஒரு ஜிப் பையில், எந்த பாத்ரூம் என்று எழுதி, சிங்க்குக்கு அடியில் வையுங்கள். வீடு காலி செய்யும்போது பழைய ஹோஸின் வாஷர் தட்டையாகிப் போயிருக்கும், அதையே திரும்ப மாட்டினால் ஒழுகும். ஓரிரு டாலருக்குப் புது வாஷர் போட்டு, ஷவர் மரையில் புது டேப் சுற்றி மாட்டி, சாவி கொடுக்கும் முந்தைய நாளே டிஷ்யூ வைத்துப் பார்த்துவிடுங்கள்.