என்பிஎஸ்ஸா, எஸ்ஐபியா? பிள்ளை உள்ளவர்கள் ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

நிதியாண்டு தொடங்கும்போது பெங்களூர் ஐடி கம்பெனிகளில் ஹெச்ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும்: "கார்ப்பரேட் என்பிஎஸ் வேண்டுமா, அடிப்படைச் சம்பளத்தில் எத்தனை சதவீதம்?" உடனே பலரும் மொபைலைத் திறந்து, என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் எவ்வளவு கொடுத்திருக்கிறது, மாதாமாதம் எஸ்ஐபியாகப் போடும் மியூச்சுவல் ஃபண்ட் எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது பெரிதோ அது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. பணம் எந்த வழியில் உள்ளே போகிறது, எந்த வழியில் வெளியே வருகிறது என்பதுதான் இங்கே முக்கால்வாசிக் கணக்கு.

உள்ளே போகும் வழியிலிருந்து ஆரம்பிப்போம். என்பிஎஸ்ஸில் போட்டால் கூடுதலாக 50,000 ரூபாய்க்கு வரிக் கழிவு உண்டு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் இருந்துகொண்டு நீங்களே கையிலிருந்து என்பிஎஸ்ஸில் போட்டால் வரியில் ஒரு பைசாகூட மிச்சமாகாது, பணம் மட்டும் பூட்டிக்கொள்ளும். புதிய முறையில் உள்ள சலுகை, கம்பெனி உங்கள் பெயரில் செலுத்தும் தொகைக்குத்தான். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவர், வயது 42, மகள் ஆறாம் வகுப்பு. அடிப்படைச் சம்பளம் மாதம் ஒரு லட்சம், 30 சதவீத வரி வரம்பில் இருக்கிறார். கம்பெனி வழியாகப் போனால் மாதம் 14,000 முழுசாக என்பிஎஸ்ஸுக்குப் போகும். அதையே சம்பளமாக வாங்கினால் வரியும் செஸ்ஸும் போக கைக்கு வருவது சுமார் 9,630 ரூபாய். எஸ்ஐபிக்கு அவ்வளவுதான் போடமுடியும். ஆகவே அவர் ஒப்பிட வேண்டியது 14,000-ஐயும் 9,630-ஐயும். இரண்டும் வருடம் 10 சதவீதம் வளர்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 60 வயதில் என்பிஎஸ்ஸில் ஏறக்குறைய 84 லட்சம் இருக்கும், ஃபண்டில் 58 லட்சம். ஃபண்டை மொத்தமாக எடுத்தால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி போக 53 லட்சம் மிஞ்சும். என்பிஎஸ்ஸில் 60 சதவீதமான 50 லட்சம் வரியில்லாமல் கைக்கு வரும், மீதி 34 லட்சத்துக்கு, மாதாமாதம் ஓய்வூதியம் தரும் ஆன்யுட்டி திட்டம் வாங்கினால், 6 சதவீதம் என்று வைத்தாலும், மாதம் 17,000 போல ஓய்வூதியம். அந்த ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் வரி கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும் என்பிஎஸ் பக்கம்தான் கனம்.

(2025 டிசம்பரில் தனியார் துறையினருக்கு விதி தளர்ந்து, 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம் என்று ஆனது. ஆனால் அந்த மாற்றம் வந்தபோது வருமான வரிச் சட்டத்தில் விலக்கு இருந்தது 60 சதவீதத்துக்குத்தான். அதனால் கணக்குப் போடும்போது 60-ஐ வைத்தே போடுங்கள்.)

சரி, அப்படியானால் என்பிஎஸ்தானே என்று நினைத்தால், அடுத்த தவறு அங்கேயே காத்திருக்கிறது. கணக்கைத் திறந்ததோடு சரி, முதலீட்டுத் தேர்வு என்ற பக்கத்தை யாரும் தொடுவதில்லை. அப்படி விட்டால் பலருக்கும் அமைவது 'ஆட்டோ சாய்ஸ்' எல்சி 50. அதில் 35 வயது வரைதான் பாதிப் பணம் பங்குகளில் இருக்கும், அப்புறம் வருடத்துக்கு 2 சதவீதமாகக் குறைந்துகொண்டே வரும். நம் உதாரணத்து அப்பா 42-ல் சேரும்போதே அவர் பணத்தில் 36 சதவீதம்தான் பங்குகளில். 50 வயதில் அது 20, 55-ல் வெறும் 10. இதை முழுப் பங்கு ஃபண்டோடு ஒப்பிட்டு என்பிஎஸ் மந்தம் என்று சொல்வது நியாயமே இல்லை. ஆனால் நஷ்டம் உண்மைதான்: இப்படியே விட்டு என்பிஎஸ் 8 சதவீதமும் ஃபண்ட் 11 சதவீதமும் கொடுத்தால், 67 லட்சத்துக்கு எதிரே 65 லட்சம் என்று வந்து நிற்கும், அந்த 67-லும் ஒரு பகுதி ஆன்யுட்டிக்குள் போய்விடும். வரியில் கிடைத்த லாபம் முழுக்க அந்த ஒரு பக்கத்தைத் தொடாததால் கரைந்துபோகிறது. 'ஆக்டிவ் சாய்ஸ்' எடுத்தால் 75 சதவீதம் வரை பங்குகளில் வைக்கலாம், நிதியாண்டில் நான்கு முறை வரை மாற்றலாம், மாற்றும்போது வரி கிடையாது. மியூச்சுவல் ஃபண்டில் பங்கு ஃபண்டிலிருந்து கடன்பத்திர ஃபண்டுக்கு மாற்றினால் அது விற்பனை, லாபத்துக்கு வரி உண்டு. பங்கு கூடினால் ஏற்ற இறக்கமும் கூடும் என்பது இரண்டுக்கும் பொது. பென்ஷன் என்று பெயர் இருந்தாலும் என்பிஎஸ்ஸுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

ஃபண்ட் பக்கம் செலவைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. வங்கியில் பேசிச் சேர்த்துவிட்ட திட்டம் என்றால் பெரும்பாலும் 'ரெகுலர்' ஆக இருக்கும், ஸ்டேட்மென்டில் திட்டத்தின் பெயரிலேயே அது எழுதியிருக்கும். இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கும் 'டைரக்ட்' திட்டத்தைவிட அதில் வருடம் ஒரு சதவீதம் போல கூடுதலாகப் போனால், மேலே சொன்ன 58 லட்சத்தில் சுமார் 6 லட்சம் குறையும்.

இனி என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயம். "பிள்ளை காலேஜ் போகும்போது என்பிஎஸ்ஸிலிருந்து 25 சதவீதம் எடுத்துக்கொள்ளலாமே" என்று நம்பி, எஸ்ஐபியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கம்பெனி வழியாகத் திருப்பிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். விதியைக் கவனமாகப் படியுங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு பிள்ளையின் மேற்படிப்புக்கு எடுக்கலாம், சரிதான். ஆனால் அந்த 25 சதவீதம் மொத்த இருப்பில் இல்லை. நீங்கள் உங்கள் பங்காகச் செலுத்திய தொகையில் மட்டும். கம்பெனி செலுத்தியது சேராது, வளர்ச்சியும் சேராது. நம் அப்பா ஏழு வருடத்தில் கம்பெனி வழியாக 11.76 லட்சம் போட்டிருப்பார், அது தன் சம்பளப் பணம்தான் என்றும் நினைத்திருப்பார், ஆனால் கணக்கில் அது கம்பெனியின் பங்கு. மகளின் அட்மிஷனுக்கு அவரால் எடுக்க முடிவது பூஜ்யம். தன் பங்காக வருடம் 50,000 தனியே போட்டிருந்தாலும் 3.5 லட்சத்தில் கால்பங்கு, அதாவது 87,500. காமெட்கே நுழைவுத் தேர்வு வழியாக எஞ்சினியரிங் சீட் என்றால் ஒரு வருடக் கட்டணமே இரண்டு லட்சத்தைத் தாண்டும் கல்லூரிகள் இந்த ஊரில் நிறைய. புது விதியில் 15 வருடம் முடித்தாலே வெளியேறலாம் என்றாலும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பட்டம் வாங்கி வெகுநாள் கழித்துத்தான் வரும்.

அவரிடம் நான் சொல்வது இதுதான். ஓய்வுக் காலத்துக்குக் கம்பெனி வழி என்பிஎஸ், பங்கு விகிதத்தைத் தானே தேர்ந்தெடுத்து. மகளின் படிப்புக்கு டைரக்ட் ஃபண்டில் தனி எஸ்ஐபி, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபிக்சட் டெபாசிட்டுக்கு மாற்றிவர வேண்டும், பியூசி முடிக்கும் வருடம் சந்தை விழுந்தால் காத்திருக்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லையென்றால், ஹெச்ஆர் படிவத்தில் 14-ஐ 10 ஆக்கிக்கொள்ள கம்பெனி அனுமதிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். வரிச் சலுகை கொஞ்சம் குறையும், ஆனால் அந்தப் பணம் அட்மிஷன் நேரத்தில் கையில் இருக்கும்.