மலையகத்து நீர்வீழ்ச்சிகள் நிறைந்திருக்கும் நாளில் போய்ச் சேர்வது எப்படி?

பெரியம்மா மகன் மட்டக்களப்பில் இருக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன் ஆகஸ்ட் விடுமுறையில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியலும நீர்வீழ்ச்சி பார்க்க வந்தான். இணையத்தில் பார்த்த படத்தில் 220 மீட்டர் உயரப் பாறை முழுக்க வெள்ளைத் திரை மாதிரித் தண்ணீர். நேரில் வந்து பார்த்தால் கறுத்த பாறை, அதன் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு. காற்றடித்தால் அந்த நூலும் பாதி வழியிலேயே கலைந்து போகிறது. "அண்ணா, தண்ணியை யாரோ பூட்டி வச்சிட்டாங்க போல" என்று போனில் சிரித்தான். அதே கிழமை எங்கள் கொட்டகலைப் பக்கம் பத்து நாளாக மழை. டெவன் நீர்வீழ்ச்சியின் இரைச்சல் ரோட்டுக்கே கேட்டது.

அவன் பிழை விட்டது மாதத்தில் இல்லை, மலையின் பக்கத்தில். முதலில் பக்கம், பிறகு நாள், கடைசியாக நேரம் என்ற வரிசையில் முடிவெடுக்கப் பழகினால் இது நடக்காது.

படி 1: மலைக்கு எந்தப் பக்கம் மழை என்று பாருங்கள்

மலையகத்தை ஒரு கூரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சரிவில் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை. கிழக்குச் சரிவில் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை, கொஸ்லந்தை. நடுவில் இருப்பது முகடு.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள், மட்டக்களப்பில் கச்சான் என்பார்கள். கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் இந்தக் காற்று மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான். முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. இறங்க இறங்கச் சூடாகி, இருக்கிற ஈரத்தையும் உலர்த்திவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பதுளைப் பக்கம் காய்ந்து கிடப்பதற்கும், மட்டக்களப்பில் கச்சான் கொளுத்துவதற்கும் காரணம் ஒன்றுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையில் பதுளை ரயிலில் ஏறுங்கள். நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் நிலையமான பட்டிப்பொலவில் யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, புகார் மூடியிருக்கும், சீட்டில் இருப்பவர்கள் சுவெட்டரை இழுத்து விட்டுக்கொள்வார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பல நாட்களில் நீல வானமும் வெயிலும் இருக்கும். அந்தச் சுரங்கம் துளைத்துப் போவதுதான் நான் சொன்ன கூரையின் முகடு.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கதை மாறும். அது வடகீழ் பருவக்காற்று, வாடை. இப்போது நனைவது கிழக்குச் சரிவு. பதுளைக்கு அருகில் இருக்கும் துன்ஹிந்த, எல்ல - வெல்லவாய ரோட்டோரம் இருக்கும் இராவணா எல்ல, கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் இருக்கும் தியலும எல்லாம் அப்போது நிறையும். ஹட்டன் பக்கம் ஜனவரி கடைசியில் தண்ணீர் மெலியத் தொடங்கி, பெப்ரவரி, மார்ச்சில் பாறைதான் தெரியும்.

இடையில் இரண்டு இடைப்பருவங்கள் இருக்கின்றன. மார்ச் - ஏப்ரல் மழை மண் குடிக்கவே சரி, நீர்வீழ்ச்சிக்காக அப்போது வர வேண்டாம். ஒக்டோபர் - நவம்பர் அப்படியில்லை. அப்போது இரண்டு சரிவிலுமே தண்ணீர் இருக்கும். ஆனால் மலையகத்தில் ஆபத்தான காலமும் அதுதான். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

படி 2: வானிலை அறிக்கையில் மாகாணத்தின் பெயரைத் தேடுங்கள்

போனில் வரும் மழைப் படத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்பது அதில் சரியாக விழுவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் தினசரி அறிக்கையைத் தமிழிலேயே வாசிக்கலாம். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்தே தினமும் பாருங்கள்.

மேல், சப்ரகமுவ மாகாணங்களோடு கண்டி, நுவரெலியா மாவட்டங்களும் சேர்ந்து வந்தால் மேற்குச் சரிவு நனைகிறது. கிழக்கு, ஊவா மாகாணங்கள் என்று வந்தால் மறுபக்கம். "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று இருந்தால் அது இடைப்பருவ மழை. அந்த நாட்களில் காலை வெளுப்பாக இருக்கும், ஆகவே பார்க்க வேண்டியதைப் பகல் சாப்பாட்டுக்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள்.

ஒரு நாள் பெரிய மழையைவிட நாலைந்து நாள் விடாத மழைதான் நமக்கு வேண்டியது. காய்ந்த மண்ணில் விழும் முதல் மழை மண்ணுக்குள்ளேயே போய்விடும். மண் ஊறிய பிறகு விழுவதுதான் ஓடைக்கு வந்து சேரும்.

படி 3: மழை விட்ட மறுநாளைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் கொட்டுகிற மழையிலேயே ஓடுவார்கள். அப்போது தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் தேயிலை மலை மண்ணும் சேர்ந்து வருவதால் பிளேன்டி நிறத்தில் இருக்கும். அதோடு புகாரும் மூடிக்கொள்ளும். மழை குறைந்து ஒரு நாள் போனால் மண் அடங்கி, தண்ணீர் வெளுத்து வரும், அளவும் பெரிதாகக் குறைந்திருக்காது. மூன்று, நான்கு நாள் தாமதித்தால் சின்ன ஓடைகள் வடிந்துவிடும். மலையகத்து நீர்வீழ்ச்சிகள் பெரும்பாலும் சின்ன ஓயாக்களில் விழுபவை. வேகமாக ஏறும், வேகமாக இறங்கும்.

அதனால் ஒரு நாள் பயணமாக வராதீர்கள். இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு காலையாவது திறக்கும்.

படி 4: மேலே அணை இருக்கிறதா என்று கேளுங்கள்

சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு மேலே, தலவாக்கலையில், கொத்மலை ஓயாவை மறித்து மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை இருக்கிறது. 2012இல் இருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். ஓயாவின் தண்ணீர் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குப் போக, நீர்வீழ்ச்சிக்கென்று பகலில் ஓர் அளவு விடுகிறார்கள். ஆகவே இங்கே மழை மட்டும் கணக்கு இல்லை. ஹட்டனில் இருந்து தலவாக்கலைக்குப் போகும்போது முதலில் டெவன் வரும், பிறகு சென்கிளேயர். டெவன் வேறொரு கிளை ஓடையில் விழுவது, அந்த அணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. டெவன் நிறைந்து, சென்கிளேயர் மெலிந்திருந்தால் மழை போதவில்லை என்று நினைக்காதீர்கள், அணையில் தண்ணீர் நிற்கிறது. இரண்டுமே நிறைந்திருந்தால் அணை வான் பாய்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நாங்கள் பஸ்ஸில் போகும்போதே அப்படித்தான் பார்த்துக்கொள்வோம்.

படி 5: போகக் கூடாத நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கவனமாக இருக்கச் சொல்வார்கள். நான் மஞ்சளுக்கு ரோட்டோரத்தில் நின்று பார்ப்பதோடு சரி, ஒற்றையடிப் பாதையில் இறங்க மாட்டேன். செம்மஞ்சள் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனது, தியலுமவுக்குத் தண்ணீர் வரும் அதே மழைக்காலத்தில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்க என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

நீர்வீழ்ச்சிக்கு அருகில் நிற்கும்போது தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சலின் சுருதி மாறினாலோ மேலே எங்கேயோ மழை. உங்கள் தலைக்கு மேலே வெயிலாக இருக்கலாம். உடனே கரையேறிவிடுங்கள். தியலுமவின் உச்சியில் இருக்கும் குளங்களில் குளிப்பது காய்ந்த மாதங்களுக்கு உரியது. நிறைந்த தியலுமவைக் கீழே ரோட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

போன ஆகஸ்டில் போட்ட திட்டம்

பெரியம்மா மகன் திரும்ப வந்தான், இந்த முறை என்னைக் கேட்டுவிட்டு. ஆகஸ்ட் என்பதால் எல்ல, பதுளை வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்கு ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க முடியாத கவலை, அதை டிசம்பருக்கு ஒத்திவைத்தோம். ஐந்து நாள் மழை பெய்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மழை குறைந்தது. அன்றிரவு புறப்படச் சொன்னேன். புதன் பின்னேரம் ஹட்டன் வந்து சேர்ந்து தூங்கினார்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு டெவன் பார்க்குமிடத்தில் நின்றோம். முன்னால் வெள்ளைப் புகார், சத்தம் மட்டும் கேட்கிறது. சின்னவள் "இதுவா நீர்வீழ்ச்சி?" என்று என்னைப் பார்க்கிறாள். பிளேன்டி வாங்கிக் கொடுத்துக் காக்க வைத்தேன். நாற்பது நிமிடம். புகார் கீழிருந்து மேலே சுருண்டு ஏறியது, முதலில் அடிவாரம் தெரிந்து, பிறகு நடு, கடைசியில் உச்சி. 97 மீட்டர், முழுசாக. பத்து நிமிடம்கூட இல்லை, திரும்ப மூடிக்கொண்டது. மழைக்காலத்தில் மேற்குச் சரிவு இப்படித்தான் காட்டும், ஒரே இடத்தில் ஒரு மணித்தியாலம் நிற்க நேரம் ஒதுக்கி வாருங்கள். மூன்று இடத்தை அவசரமாக ஓடிப் பார்த்தால் மூன்றிலும் புகார்தான்.

சென்கிளேயர் அன்று அளவாகத்தான் விழுந்தது. தண்ணீரை மின்நிலையத்துக்குத் திருப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நுவரெலியாவில் இருந்து கண்டி ரோட்டில் இறங்கும் வழியில் ரம்பொடை. அங்கே மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனோம்.

இந்த டிசம்பருக்கு தியலும. வாடை தொடங்கி, ஊவாவில் மழை பிடித்து, எச்சரிக்கை நிறம் இறங்கிய பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவன் இப்போதே பையைக் கட்டிவிட்டானாம்.