டைட்ரேஷன் விடையைச் சரிபார்க்கிறேன் என்று செய்யும் தவறுகள்

மதுரை வட்டாரத்தில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால், சரிபார்ப்பு என்ற பெயரில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ப்யூரெட்டில் காற்றுக்குமிழி, கழுவாத பிப்பெட் பற்றியெல்லாம் எல்லா ஆய்வகத்திலும் சொல்லிவிடுகிறார்கள். இதை மட்டும் யாரும் நின்று சொல்வதில்லை.

அதே சூத்திரத்தில் திருப்பிப் போட்டுப் பார்ப்பது

மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருவரின் நோட்டில் இருந்த கணக்கு இது. பிப்பெட்டில் எடுத்தது 0.05 M ஆக்சாலிக் அமிலம், 20 மி.லி. ப்யூரெட்டில் செறிவு தெரியாத பொட்டாசியம் பெர்மாங்கனேட். மூன்று முறை பார்த்ததில் ஒத்த அளவு 19.6 மி.லி. உடனே V1M1 = V2M2 போட்டு, பெர்மாங்கனேட் 0.0510 M என்று எழுதிவிட்டார். கீழே சரிபார்ப்பு: 19.6 × 0.0510 = 1.00, 20 × 0.05 = 1.00. இரண்டும் ஒன்றுதான் என்று டிக் அடித்திருந்தார்.

ஆனால் விடை இரண்டரை மடங்கு தவறு. எந்தச் சூத்திரம் தவறான விடையைக் கொடுத்ததோ, அதிலேயே அதைத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகத்தான் செய்யும். பெருக்கல் வகுத்தல் சரியா என்று மட்டுமே அது சொல்லும். மோல் விகிதத்தை அது தொடுவதே இல்லை. கவனமாக வேலை செய்த பிள்ளை டிக்கை நம்பி மதிப்பெண்ணை இழப்பதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், முதலில் செய்யும் டைட்ரேஷன் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும்தான். அங்கே விகிதம் 1:1 என்பதால் V1M1 = V2M2 ஒத்துவரும். இங்கே வினை வேறு:

```
2MnO4⁻ + 5C2O4²⁻ + 16H⁺ → 2Mn²⁺ + 10CO2 + 8H2O
```

ஆக்சாலிக் அமிலம் 20 × 0.05 = 1.00 மில்லிமோல். ஐந்துக்கு இரண்டு என்பதால் அதற்குத் தேவையான பெர்மாங்கனேட் 0.40 மில்லிமோல். அதை 19.6-ஆல் வகுத்தால் 0.0204 M.

இதைச் சரிபார்க்க வேறு வழியில் வர வேண்டும். எலக்ட்ரானை எண்ணுங்கள். அமில ஊடகத்தில் மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு இறங்குகிறது, எனவே ஒரு பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான் வாங்கும். ஆக்சலேட்டில் இரண்டு கார்பனும் +3-இலிருந்து +4-க்குப் போவதால் அது 2 எலக்ட்ரான் கொடுக்கும். வாங்கியது 0.40 × 5 = 2.0, கொடுத்தது 1.00 × 2 = 2.0. கணக்கு தீர்ந்தது. மாணவியின் விடையை இதே சோதனையில் வைத்தால் 1.00 × 5 = 5.0 என்று வரும். கொடுத்தது 2.0 மட்டும்தான் என்பதால் தவறு அங்கேயே பிடிபடும்.

விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் 0.128 M வரும், அதாவது ஆறேகால் மடங்கு. எனவே விடை எதிர்பார்த்ததைவிட 2.5 மடங்கோ 6.25 மடங்கோ தள்ளி நின்றால் ப்யூரெட்டைச் சந்தேகிக்க வேண்டாம், விகிதத்தைப் பாருங்கள்.

அணுக்களை மட்டும் எண்ணிச் சமன் செய்வது

இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்:

```
MnO4⁻ + C2O4²⁻ + 8H⁺ → Mn²⁺ + 2CO2 + 4H2O
```

மாங்கனீசு, கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் நான்கும் இரு பக்கமும் சமம். பார்வைக்குக் குறையே தெரியாது, விகிதமும் 1:1 என்று ஆசை காட்டும். மின்சுமையைக் கூட்டுங்கள்: இடப்பக்கம் −1 −2 +8 = +5, வலப்பக்கம் +2. ஆகவே இது சமன்பாடே இல்லை. சரியான சமன்பாட்டில் இரு பக்கமும் +4 வரும். அயனிச் சமன்பாடு எழுதினால் மின்சுமையைக் கூட்டாமல் அதிலிருந்து விகிதம் எடுக்கக் கூடாது.

நார்மாலிட்டியிலும் விகிதத்தைப் போடுவது

பாட்டிலில் 0.1 N என்று ஒட்டியிருந்தால், ஆக்சாலிக் அமிலத்துக்கு அது 0.05 M. V1N1 = V2N2-இல் விகிதம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, மறுபடி 2/5-ஆல் பெருக்காதீர்கள். 20 × 0.1 / 19.6 = 0.102 N, ஐந்தால் வகுத்தால் அதே 0.0204 M. இந்த வழியும் நல்ல சரிபார்ப்புதான்.

குடுவை பழுப்பானபின் கணக்குப் போடுவது

போடாதீர்கள். நீர்த்த சல்பியூரிக் அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு +4-இலேயே நின்று மாங்கனீசு டைஆக்சைடாகக் கலங்கும். அப்போது பெர்மாங்கனேட் வாங்குவது 5 அல்ல, 3 எலக்ட்ரான். ப்யூரெட் அளவு கூடி, செறிவு குறைவாக வரும். மேலே எழுதிய சமன்பாடு அந்தக் குடுவைக்குப் பொருந்தாது. 2 N சல்பியூரிக் அமிலம் சுமார் 20 மி.லி. சேர்த்து, 60–70 டிகிரிக்குச் சூடாக்கி, புதிதாகத் தொடங்குங்கள்.

சல்பியூரிக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம்

கூடாது. குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்னும்.