24 பெட்டியா, 25 பெட்டியா, 26 பெட்டியா? டைல்ஸ், பசை, பெயின்ட் வாங்கும் கணக்கு

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் தரையை மாற்றியபோது, டைல்ஸ் ஒரு பெட்டி குறைந்துவிட்டது. பழைய சோனகத் தெருவுக்கு மீண்டும் போய் அதே டைல்ஸில் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். பெயர் அதேதான், நிறம் மட்டும் ஒரு சாயல் மஞ்சள். அந்த டைல்ஸ் இப்போது அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. எங்கே தவறினேன் என்பதை அதே வீட்டின் அளவுகளைக் கொண்டே காட்டுகிறேன்.

படி 1: பரப்பை அளந்து, சேதாரத்தைச் சேருங்கள்

ஹால் 16 × 12 அடி, அதாவது 192 சதுர அடி. அறை 11 × 10, அது 110. நடைவழி 11 × 4, அது 44. மூன்றுக்கும் ஒரே டைல்ஸ் என்பதால் கூட்டிவிடலாம்: 346 சதுர அடி. சுவரோரம் வெட்டுவதிலும் உடைவதிலும் போவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 380.6. மூலைவிட்டமாகப் பதிப்பதென்றால் 15 சதவீதம் வையுங்கள், வெட்டுத் துண்டுகள் அதிகம் வரும்.

படி 2: பெட்டியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

நான் சறுக்கியது இங்கேதான். ‘இரண்டுக்கு இரண்டு’ டைல்ஸ், பெட்டிக்கு நான்கு, ஆகவே 16 சதுர அடி என்று கடையில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த டைல்ஸ் 60 சென்ரிமீற்றர்தான், முழு இரண்டு அடி அல்ல. பெட்டியின் பக்கத்தில் 1.44 சதுர மீற்றர் என்று அச்சிட்டிருந்தது. அதை 10.76ஆல் பெருக்கினால் 15.5 சதுர அடி.

380.6ஐ 16ஆல் வகுத்தால் 23.8, அதாவது 24 பெட்டி. 15.5ஆல் வகுத்தால் 24.55, அதாவது 25. எனக்குக் குறைந்த அந்தப் பெட்டி இதுதான்.

படி 3: மேல்நோக்கி முழுமையாக்குவது ஒரே முறை, கடைசியில்

இனி எதிர்ப்பக்கத் தவறு. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பெட்டி எண்ணினால் ஹாலுக்கு 14, அறைக்கு 8, நடைவழிக்கு 4 என்று 26 வரும். சேதாரம் சேர்க்காமல் முதலில் 23 பெட்டி என்று முழுமையாக்கி, அதன்மேல் 10 சதவீதம் போட்டாலும் 26தான். இரண்டிலும் ஒரு பெட்டிக் காசு வீண். கணினியில் கணக்கு வைப்பவர்களுக்கு:

```
=ROUNDUP(346*1.1/15.5,0)
```

விடை 24.1 என்று வந்தாலும் 25தான் வாங்க வேண்டும். 24.95 என்று வந்தால் நான் 26 வாங்குவேன். கையிருப்பே இல்லாமல் வேலை தொடங்குவது டைல்ஸில் ஆபத்து. எல்லாப் பெட்டிகளிலும் நிறத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று லொறியில் ஏற்றுமுன் பாருங்கள்.

படி 4: பசைக்கு வேறு மனநிலை

பசை தரையின் பரப்புக்குத்தான். சேதாரம் சேர்த்த 380.6ஐ இங்கே கொண்டுவராதீர்கள். 346 சதுர அடி ஏறக்குறைய 32.2 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 5 கிலோ என்று வைத்தால் 161 கிலோ; 25 கிலோ பையில் 6.44. கணக்குப்படி 7 பை. ஆனால் 6 மட்டும் வாங்குங்கள். பசைக்கு நிறப் பிரச்சினை இல்லை, நாளைக்கு வாங்கினாலும் அதே பசைதான். கொழும்பின் ஈரக்காற்றில் மிஞ்சிய பையோ சில மாதத்தில் கட்டிதட்டிப்போகும்.

முதல் பை முடியும்போது பதித்த டைல்ஸை எண்ணுங்கள். இந்தக் கணக்குப்படி 13, 14 டைல்ஸ் பதித்திருக்க வேண்டும். பத்தோடு முடிந்தால் தரை மேடுபள்ளமாக இருக்கிறது, அல்லது மேசன் தடிப்பாகப் பூசுகிறார். மீதித் தேவையைத் திரும்பக் கணக்கிட்டு, குறைவதை அன்று மாலையே வாங்கிவிடலாம்.

படி 5: பெயின்டில் டின்களைச் சேர்த்துப் பாருங்கள்

அறைச் சுவர்களின் சுற்றளவு 42 அடி, உயரம் 9 அடி, ஆகவே 378 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 48 கழித்தால் 330. இரண்டு பூச்சுக்கு 660. லீற்றருக்கு 100 சதுர அடி என்று கொண்டால் 6.6 லீற்றர் வேண்டும்.

4 லீற்றர் டின் ஒன்றும் 1 லீற்றர் டின் மூன்றும் எடுத்தால் 7 லீற்றர். 4 லீற்றர் டின் இரண்டு என்றால் 8. முதலாவது சிக்கனமாகத் தோன்றும், ஆனால் சிறிய டின்னில் லீற்றர் விலை வழக்கமாகக் கூடுதல். இரண்டு விலைகளையும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் சிறிதென்றால் 8 லீற்றரே நல்லது. மிஞ்சுவது பிறகு கீறல்களுக்கு உதவும்.

ஹாலுக்கு வேறு நிறமென்றால் அதன் கணக்கு தனி. இரண்டு நிறங்களின் லீற்றரையும் கூட்டி ஒரு பெரிய வாளி வாங்க முடியாதே. ஒரே நிறத்துக்குக் கடையில் கலந்துகொடுத்த டின்கள் இரண்டானால், பூசுமுன் இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். டின்னுக்கு டின் சிறு வேறுபாடு இருந்தால் சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதை மறைக்கக் கதவு ஏதும் மிச்சமில்லை.